ஜூன் மாதம் ஒரு சம்பளமே பள்ளிக்கூடத்துக்குப் போகிறது, ஆறாம் வகுப்புக் கணக்கைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்

திருப்பூர்_குவாலிட்டி (ஏப்ரல் 4)

வணக்கம் எல்லோருக்கும். மகள் வருகிற ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள், மெட்ரிக் பள்ளி, மாநிலப் பாடத்திட்டம். நான் ஏற்றுமதி கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறேன், கைக்கு 34,000 வரும். மனைவி வீட்டில் ஓவர்லாக் மெஷின் போட்டிருக்கிறாள், ஆர்டர் இருந்தால் நாலைந்தாயிரம், இல்லாவிட்டால் இல்லை. யாராவது கேட்டால் "பாப்பாவுக்கு வருஷம் 42,000 ஃபீஸ்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன். போன வாரம் ராத்திரி உட்கார்ந்து போன வருஷத்து ரசீது, ஜிபே பார்த்து மொத்தமாக எழுதினேன், தலை சுற்றிவிட்டது.

ஃபீஸ் 42,000 (ஜூன் 18,000, அக்டோபர் 12,000, ஜனவரி 12,000)
புத்தகம், நோட்டு 7,200
யூனிஃபார்ம், ஷூ, டை, பெல்ட் எல்லாம் 5,800
வேன் 1,300 வீதம் 11 மாதம், 14,300
டியூஷன் 1,000 வீதம் 10 மாதம், 10,000
ஆண்டு விழா டிரஸ், சுற்றுலா, சார்ட், புராஜெக்ட், பிறந்தநாள் சாக்லேட் என்று உதிரி 5,700

கூட்டினால் 85,000. ஃபீஸ் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது அதில் பாதிகூட இல்லை.

சரி, மாதத்துக்கு 7,000 சொச்சம் என்று வகுத்துப் பார்த்தால் சமாளிக்கலாம் போலத்தான் தெரிகிறது. ஆனால் அது மாதாமாதமா வருகிறது? ஜூன் ஒரே மாதத்தில் 33,300. சம்பளமே 34,000. போன ஜூனில் மனைவியின் தோட்டையும் மோதிரத்தையும் அடகுக் கடையில் வைத்து 30,000 வாங்கினோம், இரண்டு வட்டி. தீபாவளி போனஸ் வந்து மீட்கும்போது 33,000 கட்டினேன். இந்த வருஷமும் அதே கதைதானா? சின்னவனை இன்னும் இரண்டு வருஷத்தில் எல்கேஜியில் போட வேண்டும், அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

கல்விக்கடன்_ரவி

வங்கியில் கல்விக் கடன் கிடைக்கும் சார். வித்யாலட்சுமி போர்ட்டலில் விண்ணப்பித்தால் 4 லட்சம் வரை ஜாமீன் கேட்க மாட்டார்கள். படித்து முடித்து ஒரு வருஷம் கழித்துக் கட்டத் தொடங்கினால் போதும்.

திருப்பூர்_குவாலிட்டி

அண்ணா, ஆறாம் வகுப்பு. கல்லூரி இல்லை.

கல்விக்கடன்_ரவி

ஓ, மன்னிக்கவும். தலைப்பைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

பழைய_கேஷியர்

தம்பி, ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் 22 வருஷம் ஃபீஸ் வாங்கிப் போட்டவன் நான், இப்போது ஓய்வு. உங்கள் கணக்கு சரி, கூட்டல் எல்லாம் பார்த்துவிட்டேன். ஆனால் பிரித்த விதத்தில் ஒரு சிக்கல். வேன், டியூஷன் இரண்டும் ஏற்கனவே மாதக் காசு, 2,300 என்று பழகிவிட்டது. அதை எடுத்து வையுங்கள். மிச்சம் 60,700, அதுதான் உங்கள் கழுத்தைப் பிடிக்கிறது. அதிலும் பாதி, 31,000, பள்ளி திறக்கிற பத்து நாளில் வருகிறது. ஆகவே 85,000 என்கிற எண்ணைக் கண்டு பயப்பட வேண்டாம், ஜூனில் போகிற அந்த 31,000-ஐ இரண்டாக உடைக்க முடியுமா என்று மட்டும் பாருங்கள்.

கவுண்ட்டரில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். ஜூன் முதல் வாரம் வந்து "கொஞ்சம் டைம் கொடுங்கள்" என்று கேட்பவர்களிடம் நாங்கள் முகம் கொடுத்தே பேச மாட்டோம், பேசவும் முடியாது, பின்னால் 40 பேர் நிற்பார்கள். ஏப்ரல் கடைசியில், ரிசல்ட் கொடுக்கும் வாரத்தில், கூட்டமில்லாத மத்தியானம் வந்து ஒரு வெள்ளைத் தாளில் "முதல் டேர்ம் 18,000-ல் 9,000 ஜூன் 5, 9,000 ஜூலை 5" என்று தேதி போட்டு எழுதிக் கொடுத்தவர்களுக்கு எங்கள் தாளாளர் பெரும்பாலும் கையெழுத்துப் போட்டுவிடுவார். அவருக்கும் கணக்கு உண்டு, ஏப்ரலில் ஒரு பிள்ளை டிசி வாங்கிக்கொண்டு போனால் அந்த இடம் நிரம்புமா என்ற பயம் இருக்கும். ஜூனில் அந்தப் பயம் போய்விடும். கேட்பது இரண்டு முறையும் ஒன்றேதான், மாதம்தான் வேறு.

வரி_குமார்

ஒன்றை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். பிள்ளையின் படிப்புச் செலவு முழுவதற்கும் 80சி-யில் வரி விலக்கு உண்டு. 85,000-க்கும் ரசீது வாங்கி ஆபீஸில் கொடுத்தால் வருஷக் கடைசியில் நல்ல தொகை திரும்ப வரும்.

பழைய_கேஷியர்

குமார் சார், பாதி சரி. 80சி-யில் வருவது பயிற்றுக் கட்டணம் மட்டும்தான். வேன், யூனிஃபார்ம், புத்தகம், டியூஷன், நன்கொடை எதுவும் வராது. அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். தம்பிக்கு மாதம் 34,000, வருஷத்துக்கு நாலு லட்சம் சொச்சம், எந்த முறையில் போட்டாலும் கட்ட வேண்டிய வரியே இல்லை. கட்டாத வரி எப்படித் திரும்ப வரும்?

வரி_குமார்

சரி சரி, என் சம்பளத்தை வைத்துச் சொல்லிவிட்டேன். ஆனால் பழைய முறையில் இருப்பவர்களுக்குப் பயிற்றுக் கட்டணம் வரைக்கும் நான் சொன்னது பொருந்தும், ரசீதில் அதைத் தனியாகப் பிரித்துப் போட்டிருக்க வேண்டும், "டேர்ம் 1 மொத்தம்" என்று ஒரே வரியில் போட்டால் எங்கள் ஆபீஸில் ஏற்கவில்லை.

அரசுப்பள்ளி_அம்மா_தேனி

கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒன்று கேட்கிறேன். ஆறாம் வகுப்பு என்றால் இதுதான் மாறுவதற்குச் சரியான வருஷம், ஏன் அரசுப் பள்ளியைப் பார்க்கவில்லை? என் பெண்ணை ஆறாம் வகுப்பில்தான் மாற்றினேன். புத்தகம், நோட்டு, சீருடை, பை, காலணி, பஸ் பாஸ் எல்லாம் கொடுத்தார்கள், பதினொன்றாம் வகுப்பில் சைக்கிளும் உண்டு. நான் செலவழித்தது டியூஷனுக்கும் ஜியாமெட்ரி பாக்ஸ் தொலைத்ததற்கும்தான்.

திருப்பூர்_குவாலிட்டி

அக்கா, நான் கேட்டது இருக்கிற பள்ளிக்குக் காசு எப்படி ஒழுங்கு பண்ணுவது என்று. பள்ளி மாற்றுவதைப் பற்றி இல்லை. மனைவி ஒத்துக்கொள்ள மாட்டாள், பாப்பாவின் சிநேகிதிகள் எல்லாம் அங்கேதான்.

அரசுப்பள்ளி_அம்மா_தேனி

புரிகிறது தம்பி. கணக்கில் வருகிற விஷயம் என்பதால்தான் சொன்னேன். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-லிருந்து இருக்கிறது, பொறியியல் மாதிரியான தொழிற்படிப்புகளுக்கும் பிறகு வந்தது. அதற்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 கிடைக்கிறதே, அதற்கும் ஆறிலிருந்துதான் கணக்கு. எட்டாம் வகுப்பில் முடியாமல் போய் மாற்றினால் செலவு குறையும், இந்தச் சலுகை கிடைக்காது. என் பக்கத்து வீட்டில் அப்படித்தான் ஒன்பதாம் வகுப்பில் கொண்டுவந்து சேர்த்துவிட்டு இப்போது புலம்புகிறார்கள். முடிவு உங்களுடையது, ஆனால் அதை இந்த மே மாதத்துக்குள் எடுங்கள்.

திருப்பூர்_குவாலிட்டி

இது எனக்குத் தெரியாது அக்கா, ஆறிலிருந்து என்பது. வீட்டில் பேசுகிறேன். கோபமெல்லாம் இல்லை.

தையல்கடை_சுமதி

வணக்கம்ங்க. நான் ஈரோட்டுப் பக்கம், யூனிஃபார்ம் தைக்கிறேன். உங்கள் 5,800-ல் எத்தனை செட் என்று சொல்லவில்லையே?

திருப்பூர்_குவாலிட்டி

சாதாரண யூனிஃபார்ம் மூன்று செட், ஹவுஸ் கலர் டி-ஷர்ட், பேண்ட் ஒன்று, கறுப்பு ஷூ, வெள்ளை ஷூ, சாக்ஸ் நாலு ஜோடி, டை, பெல்ட். பள்ளிக்குள்ளேயே கவுண்ட்டர் போட்டுத் தருகிறார்கள், ரெடிமேட்.

தையல்கடை_சுமதி

அங்கேதாங்க தவறு. பத்து, பதினொரு வயசுப் பெண் பிள்ளை வேகமாக வளருகிற வயசு. ஜூனில் மூன்று செட் எடுத்தால் ஜனவரியில் மூன்றும் ஒரே நேரத்தில் குட்டையாகும், வருஷக் கடைசி இரண்டு மாதத்துக்குப் புதுசு எடுக்கவும் மனசு வராது, அந்தக் குட்டையில் அனுப்பவும் முடியாது. என்னிடம் வருகிறவர்களுக்கு ஜூனில் இரண்டு செட்தான் தைக்கச் சொல்வேன், மூன்றாவதைக் காலாண்டுப் பரீட்சை லீவில் புது அளவு எடுத்துத் தைத்துக்கொள்ளலாம். செலவு அதேதான், ஆனால் இரண்டு மாதத்தில் பிரிகிறது, ஜனவரிக்கும் உடம்புக்குச் சரியாக ஒரு செட் இருக்கும்.

இன்னொன்று. பள்ளியில் துணியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். பல இடங்களில் ரெடிமேடும் இருக்கும், துணி மீட்டரும் இருக்கும், கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். ரெடிமேட் பேண்ட்டைத் திருப்பிப் பாருங்கள், கால் மடிப்பு அரை இன்ச்தான் இருக்கும், பக்கத்துத் தையலில் ஒரு நூல் அகலம்கூட விட்டிருக்க மாட்டார்கள். நாங்கள் தைத்தால் காலில் மூன்று இன்ச் உள்ளே மடித்துவிடுவோம், பக்கவாட்டில் ஒரு இன்ச். ஆனால் ஒரு விஷயம், மடிப்பை வருஷக் கடைசியில் பிரித்தால் பழைய மடிப்பு இருந்த இடத்தில் கோடு விழுந்து தெரியும், வெளித்துணி வெளுத்திருக்கும், உள்ளே இருந்தது அடர்த்தியாக இருக்கும். பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு போக அழும். அதனால் நான் மூன்று இன்ச்சையும் ஒரே மடிப்பாகப் போடாமல் டபுள் மடிப்பாகப் போட்டு, ஆகஸ்ட்டில் ஒன்றரை, டிசம்பரில் ஒன்றரை என்று பிரித்துவிடுவேன். வெளுக்கும் முன்னாலேயே பிரித்தால் கோடு அவ்வளவாகத் தெரியாது. அடர் நீலம், மெரூன் துணியில்தான் இந்தப் பிரச்சினை, சாம்பல் நிறம் என்றால் கவலை இல்லை.

ஷூவைப் பெரிய சைஸாக வாங்கிப் பஞ்சு வைத்துப் போடச் சொல்வார்கள், அதை மட்டும் செய்யாதீர்கள். குதிகால் தேய்ந்து மூன்று மாதத்தில் கிழியும்.

திருப்பூர்_குவாலிட்டி

அக்கா, பனியன் ஊரில் இருந்துகொண்டு, தினமும் அளவு டேப் பிடிக்கிறவன், எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள். எங்கள் வீட்டுப் பேண்ட்டைத் திருப்பிப் பார்த்தேன், சரியாக அரை இன்ச்.

நெல்லை_ராஜி

சிரித்துவிட்டேன் ராத்திரியில்.

புத்தகத்துக்கு 7,200 என்பது எனக்கு அதிகமாகத் தெரிகிறது. என் மகனும் மாநிலப் பாடத்திட்டம்தான், போன வருஷம் ஆறாம் வகுப்பு முடித்தான். பாடநூல் கழகப் புத்தகத்தில் விலை அச்சடித்திருக்கும், அதைக் கூட்டிப் பாருங்கள், எவ்வளவு குறைவு என்று தெரியும். மிச்சமெல்லாம் கம்ப்யூட்டர் புத்தகம், ஜி.கே., மாரல், ஹிந்தி, கையெழுத்துப் பயிற்சி, அப்புறம் பள்ளிச் சின்னம் போட்ட நோட்டுகள். என் மகனின் ஜி.கே. புத்தகத்தில் வருஷம் முழுவதும் பதினாறு பக்கம்தான் பென்சில் பட்டிருந்தது, அவன் மேல் வகுப்புக்குப் போன பிறகு எண்ணிப் பார்த்தேன். அந்தப் பதிப்பாளர் புத்தகங்களை மேல் வகுப்புப் பிள்ளையிடம் பாதி விலைக்கு வாங்கிவிடலாம், பெரும்பாலும் வருஷா வருஷம் அட்டைதான் மாறும். வாங்குவதற்கு முன்னால் பாடப் பட்டியல் பக்கத்தை மட்டும் இரண்டிலும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆறாம் வகுப்புக்கு மூன்று பருவமாகத்தான் புத்தகம் வருகிறது. ஜூனிலேயே மூன்று பருவத்துக்கும் சேர்த்துக் காசு வாங்குகிறார்களா என்று பாருங்கள். இரண்டாம் பருவப் புத்தகம் அக்டோபரில்தான் கைக்கு வரும், அதற்கு ஜூனில் ஏன் கட்ட வேண்டும்?

பழைய_கேஷியர்

ராஜி அம்மா சொல்வது நியாயம், ஆனால் நடைமுறையில் நோட்டு விஷயத்தில் பள்ளி விடாது என்று நினைக்கிறேன். எங்கள் பள்ளியில் புத்தகத்தில் பெரிய வருமானம் கிடையாது, சின்னம் போட்ட நோட்டில்தான் இருந்தது. மொத்தமாக அச்சடித்து வாங்குவோம், அடக்க விலையைச் சொன்னால் என்னைத் திட்டுவீர்கள். ஆகவே பதிப்பாளர் புத்தகத்தில் குறைக்கப் பாருங்கள், நோட்டில் சண்டை போடாதீர்கள்.

அப்புறம் ரசீது. தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் வகுப்புவாரியாகக் கட்டணம் நிர்ணயிக்கிறது, மூன்று ஆண்டுக்கு ஒரு ஆணை. எங்கள் பள்ளியில் அதை அலுவலகத்துக்குள் என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்தோம், கேட்பவர் யாரும் இல்லை. நீங்கள் கட்டுகிற 42,000-க்கு எத்தனை ரசீது தருகிறார்கள், அதில் பள்ளி பெயர் எதில் இருக்கிறது, டிரஸ்ட் பெயர் எதில் இருக்கிறது, வெறும் துண்டுச் சீட்டு எது என்று எடுத்துப் பாருங்கள்.

திருப்பூர்_குவாலிட்டி

பார்த்தேன் சார். பள்ளி பெயரில் இருக்கிற ரசீது மூன்றும் சேர்த்து 33,000. மீதி 9,000-க்குத் தனிச் சீட்டு, "ஸ்மார்ட் கிளாஸ் மற்றும் ஆக்டிவிட்டி" என்று போட்டிருக்கிறது, சீல் இல்லை, ஒரு இனிஷியல் மட்டும்.

பழைய_கேஷியர்

நான் நினைத்தது அதுதான். 33,000 என்பது ஆணையில் இருக்கிற தொகையாக இருக்கலாம். போய்ப் பார்த்தால் தெரியும். வேன் கட்டணம் எங்கள் ஆணையில் சேரவில்லை, அது பள்ளிக்கும் உங்களுக்கும் உள்ள ஏற்பாடு.

மதுரை_சட்டம்_பேசுறவன்

உடனே கட்டண நிர்ணயக் குழுவுக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் புகார் எழுதுங்கள். கூடுதலாக வாங்கியதைத் திருப்பித் தர உத்தரவிட முடியும். இப்படி எல்லோரும் பேசாமல் கட்டுவதால்தான் இவர்கள் ஆடுகிறார்கள். டிசி தர மாட்டோம் என்று மிரட்டினால் பயப்படாதீர்கள், கட்டண பாக்கியைக் காட்டி டிசியை நிறுத்தக் கூடாது என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

திருப்பூர்_குவாலிட்டி

அண்ணா, நீங்கள் சொல்வது சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். பாப்பா அங்கே இன்னும் ஐந்து வருஷம் உட்கார வேண்டுமே.

மதுரை_சட்டம்_பேசுறவன்

பத்துப் பெற்றோர் சேர்ந்து எழுதினால் ஒரு பிள்ளையைக் குறி வைக்க முடியாது.

நெல்லை_ராஜி

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பத்துப் பேர் சேர்ந்தோம். மனு கொடுக்கப் போன அன்றைக்கு வந்தது மூன்று பேர்.

வேன்_ஓட்டுறவர்

வேன் 11 மாதம் என்று எழுதியிருக்கிறார், அதைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். நான் சொந்த வேன் ஓட்டுகிறேன், பள்ளி வேன் இல்லை. எல்லாப் பெற்றோரும் "வேன் ஓடுவது பத்து மாதம்தான், ஏன் பதினொரு மாதக் காசு" என்று கேட்கிறார்கள். எஃப்.சி. வேலை மே மாதத்தில்தான் பார்க்கிறோம், பெயின்ட், டயர், இன்ஷூரன்ஸ் எல்லாம் அப்போதுதான் வருகிறது, உதவிக்கு வருகிற அம்மாவுக்கு மே மாதம் அரைச் சம்பளமாவது கொடுக்காவிட்டால் ஜூனில் வேறு வேலைக்குப் போய்விடுவார். அதனால் பதினொன்று.

குறைக்க வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது, எத்தனையாவது டிரிப் என்று கேளுங்கள். முதல் டிரிப்புக்கும் இரண்டாவது டிரிப்புக்கும் ஒரே காசு வாங்கக் கூடாது. முதல் டிரிப் பிள்ளை 7:10-க்கு ஏறி, மணி அடிக்க ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கும். நான் முதல் டிரிப்புக்கு 150 குறைத்துத்தான் வாங்குகிறேன். எல்லோரும் குறைக்க மாட்டார்கள், கேட்டுப் பாருங்கள்.

நெல்லை_ராஜி

மே மாதத்துக்கு அரைச் சம்பளம் கொடுத்துவிட்டு அதற்காக ஒரு முழு மாதக் காசு கூடுதலாக வாங்குவது என்ன கணக்கு அண்ணா?

வேன்_ஓட்டுறவர்

டயர் விலை கேட்டுவிட்டு வந்து பேசுங்கம்மா.

கணக்கு_டீச்சர்_கரூர்

டியூஷன் பற்றி நான் சொல்லலாமா? நான் பள்ளியிலும் இருக்கிறேன், சாயங்காலம் வீட்டிலும் எடுக்கிறேன், அதனால் எனக்கு எதிராகவே பேசுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெண்ணின் டியூஷன் நோட்டை எடுத்து ஒரு வாரப் பக்கங்களைப் பாருங்கள். பள்ளி வீட்டுப்பாடம் அப்படியே அங்கே செய்யப்பட்டிருந்தால் நீங்கள் 1,000 ரூபாய் கொடுத்து வாங்குவது இரண்டு மணி நேரக் காவல். அதுவும் தேவைதான், பெற்றோர் இருவரும் வேலையில் இருந்தால். ஆனால் அதைப் படிப்புச் செலவு என்று எழுதாதீர்கள். நோட்டில் பள்ளிப் புத்தகத்தில் இல்லாத கணக்கு இருந்தால், தப்பாகப் போட்டதை அழித்து மறுபடி போட்ட தடம் இருந்தால், அங்கே யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஆறு, ஏழு வகுப்பில் எல்லாப் பாடத்துக்கும் டியூஷன் வைத்துப் பழக்கிவிட்டு ஒன்பதில் கணக்குக்கும் அறிவியலுக்கும் தனித்தனியாக வைக்கும்போதுதான் காசு கையைக் கடிக்கிறது. பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே ஸ்பெஷல் கிளாஸ் என்று தனியாக வாங்குவார்கள். அந்த வருஷங்களுக்கு இப்போதே இடம் விடுங்கள்.

திருப்பூர்_குவாலிட்டி

பார்த்தேன் டீச்சர். முழுக்க வீட்டுப்பாடம்தான். டியூஷன் அக்கா சிவப்புப் பேனாவில் டிக் மட்டும் போட்டிருக்கிறார். ஆனால் மனைவி சொல்கிறாள், சாயங்காலம் ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை பாப்பா அங்கே இருப்பதால்தான் நான் மெஷினில் உட்கார முடிகிறது, அந்த நேரத்தில் நான் சம்பாதிப்பது 1,000-க்கு மேலே என்று. பதில் சொல்ல முடியவில்லை.

கணக்கு_டீச்சர்_கரூர்

அவர் கணக்கு சரி. விட்டுவிடுங்கள்.

சீட்டு_மாமி

எங்கள் தெருவில் பன்னிரண்டு பேர் சேர்ந்து பள்ளிச் சீட்டு போடுகிறோம், மாதம் 3,000. மே மாதச் சீட்டு எனக்கு என்று முதலிலேயே பேசி வைத்துவிடுவேன். கையில் 36,000 முழுசாக வரும். வங்கியில் போட்டால் நடுவில் எடுத்துவிடுவோம், சீட்டு என்றால் பக்கத்து வீட்டுக்காரி முகத்துக்குப் பயந்தாவது கட்டிவிடுவோம்.

பழைய_கேஷியர்

மாமி, உங்கள் தெருவில் நல்லபடி நடக்கட்டும். ஆனால் மே மாதம் வேண்டும் என்று பன்னிரண்டில் எத்தனை பேர் கேட்பார்கள்? எல்லா வீட்டிலும் பிள்ளை இருக்கிறது. நான் சொல்வது ஆர்டி. தம்பி, உங்கள் போனஸ் ஏன் காணாமல் போனது என்று யோசித்தீர்களா? 33,000 அடகுக் கடைக்குப் போனது. அப்புறம் அக்டோபர் டேர்ம், ஜனவரி டேர்ம் இரண்டுக்கும் திரும்பவும் கைமாற்று. இந்த ஜூனை மட்டும் அடகில்லாமல் தாண்டிவிட்டால் போனஸ் முழுசாகக் கையில் நிற்கும், அதில் 24,000 எடுத்து இரண்டு டேர்மையும் கட்டிவிடலாம். அடுத்த ஜூனுக்கு மாதம் 3,000 ஆர்டி, பத்து மாதம். அதை ஆகஸ்ட் ஒன்றாம் தேதி தொடங்காதீர்கள், அது ஜூன் ஒன்றாம் தேதிதான் முதிரும், பள்ளி மே 25-க்குள் புத்தகக் காசு கேட்கும், அந்த ஒரு வாரத்துக்காகத் திரும்ப அடகுக் கடை வாசலில் நிற்பீர்கள். ஜூலை 20-க்குள் தொடங்குங்கள், மே 20-ல் கையில் இருக்கும்.

இந்த ஜூனுக்கு: ஃபீஸ் 9,000, புத்தகம் 5,100-க்குக் குறைத்து, யூனிஃபார்ம் இரண்டு செட்டோடு 3,600, வேனும் டியூஷனும் 2,300. மொத்தம் 20,000. மே மாதத்தில் வேனும் இல்லை டியூஷனும் இல்லை, அந்த 2,300-ஐ ஊர்த் திருவிழாவில் விட்டுவிடாமல் எடுத்து வையுங்கள். அப்படியும் பத்தவில்லை, நகை வைத்தே ஆக வேண்டும் என்றால் வங்கியில் வையுங்கள், இரண்டு வட்டியில் பாதிகூட வராது.

சீட்டு_மாமி

ஆர்டியை நடுவில் உடைத்தவர்கள் கதை நூறு சொல்வேன். இருந்தாலும் மே மாதம் எல்லோருக்கும் வேண்டும் என்பது உண்மைதான், போன வருஷம் குலுக்கிப் போட்டோம், எனக்கு மார்ச் வந்தது.

திருப்பூர்_குவாலிட்டி (ஜூன் 14)

இரண்டு மாதம் கழித்து வருகிறேன், கேட்ட எல்லோருக்கும் கணக்குச் சொல்ல வேண்டும் இல்லையா.

ஏப்ரல் 27 மத்தியானம் பள்ளிக்குப் போனேன், தாளாளர் இல்லை, அவருடைய மகன் இருந்தார். தாளைப் பார்த்துவிட்டு "சரி, ஜூலை 5 தாண்டக் கூடாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போர்டில் ஆணையையும் பார்த்தேன். கேஷியர் சார் சொன்னது சரி, ஐந்தாம் வகுப்புக்கு 33,000-தான். ஆறுக்கு 34,500 என்று இருக்கிறது. ஒன்றும் கேட்கவில்லை, செல்போனில் படம் மட்டும் எடுத்துக்கொண்டேன், அலுவலக அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். இந்த வருஷமும் 42,000-தான், ஏற்றவில்லை. படம் எடுத்ததால்தான் என்று மனைவி சொல்கிறாள், எனக்குத் தெரியவில்லை.

புத்தகத்தில் 5,100 நடக்கவில்லை, 6,800 ஆனது. ஜி.கே., கம்ப்யூட்டர் இரண்டும் எதிர் வீட்டுப் பிள்ளையிடம் வாங்கினேன், ஹிந்தி புத்தகம் இந்த வருஷம் வேறு பதிப்பாளர், நோட்டில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. மூன்று பருவத்துக்கும் சேர்த்துத்தான் வாங்கினார்கள். துணி கேட்டேன், உள்ளே இருந்து எடுத்துக் கொடுத்தார்கள்! சுமதி அக்கா சொன்ன மாதிரி டபுள் மடிப்பு. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து டை நிறமும் பெல்ட்டும் வேறாம், அதனால் 600 கூட. வேன் 1,400 ஆக்கிவிட்டார்கள், முதல் டிரிப்தானே என்று கேட்டதற்கு டிரைவர் சிரித்தார். மொத்தம் 22,400. நகை வீட்டில் இருக்கிறது.

பழைய_கேஷியர்

அந்தத் தாளைப் படம் எடுத்து வைத்திருக்கிறீர்களா? ஜூலை 5 அன்றைக்கு கவுண்ட்டரில் இருப்பவர் "எனக்கு யாரும் சொல்லவில்லை" என்பார். அப்புறம் ஆர்டி.

திருப்பூர்_குவாலிட்டி

எடுத்திருக்கிறேன் சார். ஆர்டி ஜூலையில் சம்பளம் வந்ததும்.

அரசுப்பள்ளி_அம்மா_தேனி

பள்ளி மாற்றுவது பற்றி வீட்டில் பேசினீர்களா?

திருப்பூர்_குவாலிட்டி

பேசினோம் அக்கா. பாப்பாவை மாற்றவில்லை. சின்னவனை எங்கே சேர்ப்பது என்பதில்தான் இப்போது வீட்டில் இரண்டு கட்சி.

தையல்கடை_சுமதி

துணி மெரூனா, சாம்பலா?

திருப்பூர்_குவாலிட்டி

மெரூன் அக்கா.

தையல்கடை_சுமதி

அப்படியென்றால் ஆகஸ்ட் 15 கொடியேற்றம் முடிந்ததும் முதல் மடிப்பைப் பிரித்துவிடுங்கள், தள்ளிப் போடாதீர்கள்.